"இந்த மாசமாவது" என்று எழுதாமல் ஞாபகப்படுத்துவது எப்படி: நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சேலை நிறுவனத்தின் அலுவலகம், இளம்பிள்ளையில் அதன் குடோன் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் குடோனிலிருந்து ஒரு பட்டியல் வந்தாக வேண்டும். கடைகளிலிருந்து திரும்பி வந்த சேலைகள் எத்தனை, எந்த பார்ட்டி அனுப்பியது, எந்த பில் நம்பருக்கு உரியது என்ற விவரம் அதில் இருக்கும். அதை வைத்து, திரும்பி வந்த சரக்கின் தொகையைப் பில்லிலிருந்து கழிக்கும் கிரெடிட் நோட் போட்டு, 11-ஆம் தேதிக்குள் மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் பட்டியல் மே 8-ல் வந்தது. மே பட்டியல் ஜூன் 9-ல் வந்தது. ஜூன் பட்டியல் ஜூலை 10 சாயங்காலம் வந்தது. இப்போது ஆகஸ்ட் 6 காலை. ஆடிப் பதினெட்டு, கோட்டை மாரியம்மன் திருவிழா என்று குடோனில் பாதிப் பேர் லீவு. ஜூலைப் பட்டியல் இன்னும் வரவில்லை.

குடோனைப் பார்த்துக்கொள்பவர் வயதில் மூத்தவர். கணக்கு பார்க்கும் இவர் அவரை வழக்கமாக "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மேலதிகாரி இவர் இல்லை, இவருக்கு மேலதிகாரி அவரும் இல்லை. இருவருக்கும் மேலே முதலாளி மட்டும்தான். இந்த நிலையில் வாட்ஸ்அப்பில் தட்டி, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கும் செய்தி இது:

> வணக்கம் சார். இது மூணாவது ரிமைண்டர். ஜூலை மாச ரிட்டர்ன் லிஸ்ட் இந்த மாசமாவது டைமுக்கு கிடைச்சா நல்லா இருக்கும். மத்த எல்லாரும் எப்பவோ அனுப்பிட்டாங்க. போன மாசம் ராத்திரி 9 மணி வரைக்கும் நான்தான் உக்காந்து முடிச்சேன், பரவாயில்லை. உங்களுக்கு நேரம் இருந்தா கொஞ்சம் பாருங்க 🙏 சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வணக்கம், மன்னிக்கவும், கும்பிடு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் படித்தவுடன் அவருக்கு முகம் சுருங்கும். பட்டியலை எடுக்கப் போவதற்கு முன்னால், "நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன்" என்று பதில் தட்டத் தோன்றும். காரணம், இந்த ஒரு செய்தி இரண்டு வேலைகளைச் செய்யப் பார்க்கிறது. ஒன்று, இன்றைக்குப் பட்டியலை வாங்குவது. இன்னொன்று, மூன்று மாத மனக்குறையைச் சொல்வது. இரண்டாவதை நேராகச் சொல்ல முடியாததால் அது முதல் வேலையின் வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. குத்தல் என்று நாம் சொல்வது இந்த ஒளிந்த பகுதியைத்தான்.

குத்தல் எங்கே இருக்கிறது

தமிழில் குத்தல் பெரும்பாலும் தனிச் சொல்லில் இருப்பதில்லை, ஒட்டில் இருக்கும். "இந்த மாசம்" என்றால் தகவல். "இந்த மாசமாவது" என்றால் போன மூன்று மாதங்களின் கணக்கு. "நான் முடிச்சேன்" என்றால் நடந்தது. "நான்தான் முடிச்சேன்" என்றால் நீ முடிக்கவில்லை என்று பொருள். "ஒரு பதிலும் வரலை" என்பதைவிட "ஒரு பதில் கூட வரலை" என்பது ஒரு படி அதிகம். "மறந்துட்டீங்களா" என்பது கேள்வி. "மறந்துட்டீங்களோ" என்பது கேள்வி இல்லை. அதனால் தட்டிய செய்தியை முழுக்க மாற்றி எழுதுவதற்கு முன்னால் ஆவது, தான், கூட, ஓ ஆகிய நான்கையும் தேடி எடுத்துப் பார்த்தால் போதும், பாதிச் சூடு இறங்கிவிடும். ஒன்றை எடுத்த பிறகும் தகவல் குறையவில்லை என்றால் அது அங்கே குத்துவதற்காக மட்டுமே இருந்தது. "5-ஆம் தேதிதான் கடைசி" என்பதில் உள்ள தான் வேறு ரகம். அதை எடுத்தால் தகவல் மங்கும், எனவே அது இருக்கலாம்.

அடுத்தது கூப்பிடும் முறை. தினமும் "அண்ணா" என்று பேசுகிறவர் திடீரென்று "சார்" என்றால் மரியாதை கூடியதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்ததாகவே அது படும். "தாங்கள்", "தயவுகூர்ந்து", "தங்கள் மேலான கவனத்திற்கு" எல்லாம் இதே வகை. நம் வீடுகளிலேயே கோபம் வந்தால் "வாங்க போங்க" ஏறுவது தெரிந்ததுதானே.

"மத்த எல்லாரும் அனுப்பிட்டாங்க" என்பது தகவல் போலத் தோன்றும், ஆனால் அவர் பட்டியல் எடுக்க அது எந்த விதத்திலும் உதவாது. "மூணாவது ரிமைண்டர்" என்ற எண்ணிக்கையும் அப்படியே. "பரவாயில்லை" என்பது இந்தச் செய்தியிலேயே மிகக் காரமான சொல், ஏனென்றால் எழுதுகிறவருக்குப் பரவாயில்லை இல்லை என்று இருவருக்கும் தெரியும். "நேரம் இருந்தா" என்பதில் இரண்டு கெடுதல்கள் சேர்ந்திருக்கின்றன. நேரம் இருந்தும் செய்யவில்லை என்று குத்துகிறது, அதோடு நேரம் இல்லாவிட்டால் செய்ய வேண்டாம் என்று அனுமதியும் கொடுத்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு, எது எப்போது எந்த வடிவில் வேண்டும் என்பது செய்தியில் இல்லவே இல்லை. "டைமுக்கு" என்பது எந்த டைம்? 5-ஆம் தேதி நேற்றே போய்விட்டது. போதாக்குறைக்கு "ரிட்டர்ன் லிஸ்ட்" என்ற பெயர். கணக்குப் பிரிவில் ரிட்டர்ன் என்றால் ஜிஎஸ்டி தாக்கல், குடோனில் ரிட்டர்ன் என்றால் திரும்பி வந்த சரக்கு. இந்தக் குழப்பத்தாலேயே சில அலுவலகங்களில் ஒரு நாள் போகும்.

இனி நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வழி: சர்க்கரை தடவுவது

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதுதான். வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மென்மையான சொற்களைச் சேர்ப்பார்கள்.

> அண்ணா, நல்லா இருக்கீங்களா? வேலை நிறைய இருக்கும்னு தெரியும், தொந்தரவு பண்றதுக்கு ஸாரி. ஜூலை ரிட்டர்ன் லிஸ்ட் முடிஞ்சா இன்னிக்கோ நாளைக்கோ அனுப்ப முடியுமா? போன தடவை மாதிரி ஆகிடக் கூடாதேன்னுதான் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க 😊

இதில் "அண்ணா" திரும்பி வந்தது ஒன்றுதான் லாபம். மற்றபடி குத்தல் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. "போன தடவை மாதிரி ஆகிடக் கூடாதேன்னு" என்பதில் அது இன்னும் இருக்கிறது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றாலே தப்பாக எடுக்க ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். தேதி இன்னும் மோசமாகிவிட்டது. "முடிஞ்சா", "இன்னிக்கோ நாளைக்கோ", "முடியுமா" என்று மூன்று இடங்களில் தளர்வு. ஏற்கெனவே தாமதிக்கிறவருக்கு இதைப் படித்தால் அவசரம் இல்லை என்றுதான் புரியும். அவர் 9-ஆம் தேதி அனுப்பினால் அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

எப்போதாவது ஒரு முறை தவறுகிறவருக்கு, முதல் ஞாபகப்படுத்தலாக இது போதும். தொடர்ந்து தவறுகிறவரிடம் இது வேலை செய்யாது. மாதா மாதம் இப்படி எழுத எழுத, எழுதுகிறவருக்குத்தான் உள்ளே எரிச்சல் சேரும். நான்காவது மாதம் அது மேலே பார்த்த முதல் செய்தியாக வெடிக்கும்.

இரண்டாம் வழி: வெட்டி எடுப்பது

சேர்ப்பதற்குப் பதில் குறைப்பது. கடந்த காலத்தைப் பற்றிய எல்லாமும் போக வேண்டும், எழுதுகிறவரின் சிரமம் போக வேண்டும், மற்றவர்களோடு ஒப்பிடுவது போக வேண்டும். மிஞ்ச வேண்டியவை நான்கு: எது வேண்டும், எப்போதைக்குள், எந்த வடிவில், அந்த நேரம் தாண்டினால் என்ன நடக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வெட்டி வெட்டி "ஜூலை லிஸ்ட் உடனே அனுப்பவும்" என்று வந்து நின்றால், அது அரசாங்க நோட்டீஸ் போல இருக்கும். வயதில் மூத்த, சம நிலையில் இருக்கும் ஒருவருக்கு "அனுப்பவும்" என்று எழுதுவது இந்தப் பக்கத்துப் பழக்கத்தில் கட்டளை. "அனுப்புங்க" பரவாயில்லை. "அனுப்பிடுங்கண்ணா" என்பது தேதியையும் தளர்த்தாமல் உறவையும் விடாமல் நிற்கும். அந்த "இடு", வேலை முடிய வேண்டும் என்பதை அழுத்தாமல் சொல்கிறது. "உடனே" என்ற சொல்லுக்கு நேரம் கிடையாது, அதற்குப் பதில் மணியைச் சொல்ல வேண்டும்.

நான்காவதாகச் சொன்ன விளைவுதான் சிக்கலான இடம். விளைவைப் பெரிதாக்கிச் சொல்வதும் ஒரு வகைக் குத்தல்தான். "11-க்குள்ள வரலேன்னா கம்பெனிக்கே ஃபைன் விழும்" என்று எழுதினால், குடோன்காரருக்கு விஷயம் தெரிந்தால் சிரிப்பார், தெரியாவிட்டால் பயப்படுவார். இரண்டும் வேண்டாம். உண்மை என்னவென்று பார்ப்போம்.

மாதா மாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் அடுத்த மாதம் 11. அதில் ஏறிய பில்கள், வாங்கியவரின் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் 14-ஆம் தேதி தெரியும். 11-க்குள் தாக்கலே ஆகாவிட்டால் கடைக்காரர்களுக்கு அந்த மாத வரவு அதில் வராது, அவர்கள் போன் போடுவார்கள். ஆனால் இங்கே வராமல் இருப்பது விற்பனை பில் இல்லை, திரும்பி வந்த சரக்கின் விவரம். அது இல்லாமலும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய முடியும். விட்டுப்போன சரக்குக்கு ஆகஸ்ட் தேதியிட்டு கிரெடிட் நோட் போட்டு, ஆகஸ்ட் கணக்கில் காட்டலாம். சட்டம் இதற்கு அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை இடம் கொடுக்கிறது. நஷ்டம் என்னவென்றால், திரும்பி வந்துவிட்ட சேலைகளுக்கும் சேர்த்து ஜூலைக்கு வரி கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பணம் ஒரு மாதம் முடங்கும். பார்ட்டியின் பாக்கிக் கணக்கும் ஒரு மாதம் ஒத்துப்போகாது.

இப்படிப் பார்த்தால் அபராதம் என்ற மிரட்டலுக்கு இங்கே இடமில்லை, நேர்மையான ஒரு எல்லைக்கு இடம் இருக்கிறது. கிரெடிட் நோட் போட, பில்லோடு ஒத்துப்பார்க்க, தணிக்கையாளரிடம் காட்ட எல்லாமாக இவருக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். அதனால் 7-ஆம் தேதி மாலை வரை வந்தது ஜூலைக் கணக்கில் சேரும், அதற்குப் பிறகு வந்தது ஆகஸ்டில் சேரும் என்று சொல்லிவிடலாம். செய்தி இப்படி ஆகும்:

> அண்ணா, ஜூலை மாசம் திரும்பி வந்த சரக்கு லிஸ்ட் எனக்கு இன்னும் வரலை. நாளைக்கு (7-ஆம் தேதி) சாயங்காலம் 5 மணிக்குள்ள அனுப்பிடுங்க. பார்ட்டி பேர், பில் நம்பர், எத்தனை பீஸ், இது மூணும் இருந்தா போதும், நோட்டுல எழுதினதை போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. 5 மணி வரைக்கும் வந்ததை ஜூலைல போட்டுடறேன், மீதியை ஆகஸ்ட்ல சேத்துக்கறேன்.

முதல் செய்தியோடு ஒப்பிட்டால் நீளம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் கையில் எதையாவது கொடுக்கிறது. "எனக்கு இன்னும் வரலை" என்பதைக் கவனிக்கவும். "நீங்க இன்னும் அனுப்பலை" என்பதைவிட இது மென்மை என்பது மட்டும் காரணமில்லை, இதுதான் துல்லியமும்கூட. அவர் யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம், அல்லது வேறு குரூப்பில் போட்டிருக்கலாம். கடைசி வரியில் விளைவு இருக்கிறது, ஆனால் அது எழுதுகிறவர் என்ன செய்யப் போகிறார் என்பதாக இருக்கிறது, அவருக்கு என்ன ஆகும் என்பதாக இல்லை. மிரட்டலும் தகவலும் பிரிவது இந்த இடத்தில்தான்.

இந்த வழியில் ஒரு நிபந்தனை உண்டு. 7-ஆம் தேதி 5 மணிக்குப் பிறகு வந்ததை உண்மையிலேயே ஆகஸ்டுக்குத் தள்ள வேண்டும். மனசு கேட்காமல் 10-ஆம் தேதி இரவு உட்கார்ந்து சேர்த்துவிட்டால், அடுத்த மாதம் இந்த வரிக்கு மதிப்பு இருக்காது. தள்ளுவதற்கு முன்னால் வரிப் பணம் முடங்கும் என்பதை முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். அது அண்ணனைப் பற்றிய புகாராக இருக்கக் கூடாது, வேலை முறையாக மட்டும் இருக்க வேண்டும்: "7-ஆம் தேதிக்கு மேல வர்ற திரும்பின சரக்கு லிஸ்டை அடுத்த மாசத்துல சேத்துக்கலாமா?"

மூன்றாம் வழி: போன்

எழுத்தில் குரல் இல்லை, அதனால் படிக்கிறவர் தன் மனநிலைக்குத் தகுந்த குரலைப் போட்டுக்கொள்வார். ஏற்கெனவே மூன்று மாதம் உரசல் இருக்கும் இடத்தில் நல்ல செய்தியைக்கூட அவர் கோணலாகப் படிக்க வாய்ப்பு உண்டு. குடோனில் இருப்பவர்கள் நாள் முழுக்க லாரி ஏற்றுவதும் மூட்டை எண்ணுவதுமாக இருப்பார்கள், வாட்ஸ்அப்பை மதியம் சாப்பிடும்போதுதான் பார்ப்பார்கள் என்றால் போன்தான் வேகமான வழி.

போனில் கெட்டுப்போவது முதல் கேள்வியில். "அண்ணா, லிஸ்ட் என்னாச்சு?" என்று தொடங்கினால் பதிலாக வருவது காரணங்கள்: ஆள் இல்லை, லோடு வந்திருக்கு, சாயங்காலம் பார்க்கறேன். "லிஸ்ட்ல எது வரைக்கும் முடிஞ்சிருக்குண்ணா?" என்று கேட்டால் பதிலாக வருவது நிலவரம். "ஈரோடு, மதுரை பார்ட்டி எல்லாம் எழுதியாச்சு, ஆந்திரா சரக்குதான் இன்னும் பிரிக்கலை" என்பார். அப்போது கேட்க வேண்டியது சுலபம்: "எழுதினதை இப்பவே போட்டோ அனுப்பிடுங்க, ஆந்திராவை நாளைக்கு 5 மணிக்குள்ள பாத்துக்கலாம்." முழுதும் முடிந்தால்தான் அனுப்பலாம் என்று நினைத்து, முக்கால்வாசி முடிந்த வேலையைக் கையில் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். தாமதத்துக்கு இது அடிக்கடி காரணமாக இருந்தும் எழுத்தில் கேட்டால் வெளியே வருவதில்லை.

போனின் பலவீனம் "சரி சரி, பார்க்கலாம்". அது ஒப்புக்கொள்வது போல இருக்கும், ஆனால் தேதி இருக்காது. பேசி முடித்ததும் ஒரு வரியை எழுதி அனுப்பிவிட வேண்டும்: "பேசினபடி, ஆந்திரா தவிர மத்தது இன்னிக்கு, ஆந்திரா நாளைக்கு 5 மணி." இதில் "பேசினபடி" வரலாம், "நீங்களே சொன்னபடி" வரக் கூடாது. அந்த "ஏ" உள்ளே வந்த நொடியே சாட்சி சேகரிப்பதாகிவிடும்.

இன்னொரு பலவீனம், பேச்சு எளிதாகப் பழசுக்குப் போய்விடும். அவரே "போன மாசமும் லேட்டாயிடுச்சு" என்று ஆரம்பித்தால் அந்தக் கதவு வழியாக உள்ளே போகத் தோன்றும். இன்றைக்கு அது வேண்டாம். "அதைப் பத்தி 12-ஆம் தேதிக்கு மேல நேர்ல பேசலாம்ணா, இப்ப இது முடியட்டும்" என்று நிறுத்திக்கொள்வது நல்லது. சொன்னபடி 12-க்குப் பிறகு பேச வேண்டும்.

நான்காம் வழி: குரூப்பில் போடுவது, முதலாளியைச் சேர்ப்பது

"குடோன்ல இருந்து லிஸ்ட் வந்தவுடனே ஃபைல் பண்ணிடலாம்" என்று முதலாளி இருக்கும் குரூப்பில் போடுவது, "சில பேர் இன்னும் தரலை" என்று பெயர் சொல்லாமல் சொல்வது, பழைய செய்தியை மேற்கோளாக இழுத்து அதன் கீழே ஒரே ஒரு கேள்விக்குறி போடுவது. இவற்றால் பட்டியல் வேகமாக வரும், அதை மறுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில்கூட வரலாம். ஆனால் அப்படி வரும் பட்டியல் அவசரத்தில் எழுதியதாக இருக்கும், பில் நம்பர் தப்பாக இருக்கும், அதைத் திருத்தித் தரச் சொல்லி மறுபடி அவரிடமே போக வேண்டும். கிரெடிட் நோட்டில் பில் நம்பர் மாறினால் பார்ட்டியின் கணக்கில் குழப்பம் வந்து சேரும். பெயர் சொல்லாமல் "சில பேர்" என்று எழுதுவது இன்னும் மோசம். குரூப்பில் எல்லோருக்கும் யார் என்று தெரியும், அவருக்கு மட்டும் பதில் சொல்லும் உரிமை இருக்காது.

முதலாளியைச் சேர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. விற்பனை பில்லே வராமல் 11-ஆம் தேதித் தாக்கல் தள்ளிப்போகும் நிலை வந்தால் சொல்லியே ஆக வேண்டும். அங்கே தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்பது சின்ன விஷயம், கடைக்காரர்களின் வரவு நிற்பதுதான் பெரிது. அப்போதும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்: "அண்ணா, நாளைக்கு மதியம் வரைக்கும் பில் வரலேன்னா ஃபைல் பண்ண முடியாது, அதை முதலாளிகிட்ட சொல்ல வேண்டி இருக்கும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடறேன்." இதைக் கேட்டு அவருக்குக் கோபம் வரலாம், ஆனால் முதுகுக்குப் பின்னால் நடந்ததாக இருக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது

மேலே சொன்ன ஆகஸ்ட் 6 நிலைக்கு எங்கள் தேர்வு, முதலில் போன், அது முடிந்ததும் இரண்டாம் வழியில் எழுதிய செய்தியின் சுருக்கம். ஏற்கெனவே இரண்டு செய்தி போய்ப் பலன் இல்லாத இடத்தில் மூன்றாவது செய்தி எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது மூன்றாவதுதான். அவர் போன் எடுக்கவில்லை என்றால் இரண்டாம் வழிச் செய்தியை முழுதாக அனுப்பலாம். இனி வரும் மாதங்களில் முதல் ஞாபகப்படுத்தலையே, அதாவது 3-ஆம் தேதி போகும் செய்தியையே, இரண்டாம் வழியில் எழுதிவிட்டால் பெரும்பாலும் போன் தேவைப்படாது. எரிச்சல் இன்னும் வராத நாளில் எழுதுவதால் அதில் குத்தல் நுழைய வழியும் குறைவு. அந்த வரிகளைப் போனில் சேமித்து வைத்து மாதத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியல் வந்த பிறகு எழுதும் பதிலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 7-ஆம் தேதி 4 மணிக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். "பரவாயில்லையே, இந்த தடவை சீக்கிரமே வந்துடுச்சே!" என்று பாராட்டுவதாக நினைத்து எழுதினால், அவ்வளவு நேரம் வெட்டி எடுத்தது எல்லாம் அந்த ஒரு வரியில் திரும்பி வந்துவிடும். "வந்துடுச்சுண்ணா, 14 பார்ட்டி, 63 பீஸ், சரிதானே?" என்று எழுதினால் போதும். எண்ணைத் திருப்பிச் சொல்வதில் படித்துப் பார்த்ததும் தெரிகிறது, தப்பு இருந்தால் இப்போதே பிடிபடவும் செய்யும்.

அடக்கி வைத்த மனக்குறை

செய்தியிலிருந்து வெட்டியதால் மூன்று மாதத் தாமதம் இல்லாமல் போய்விடாது. அதற்கு ஒரு இடம் கொடுக்காவிட்டால் அக்டோபரில் "இந்த மாசமாவது" மறுபடி வந்துவிடும். அந்த இடம் தாக்கல் முடிந்த பிறகு, 12-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில், நேரில். முடிந்தால் இளம்பிள்ளைக்கே போய்ப் பேசுவது நல்லது. திரும்பி வந்த மூட்டைகள் எங்கே கிடக்கின்றன, யார் பிரிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தால் பாதி கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும்.

அங்கே கையில் கொண்டுபோக வேண்டியது தேதிகள் மட்டும்: மே 8, ஜூன் 9, ஜூலை 10. "எப்பவுமே லேட்" என்றால் அவர் லேட்டாகாத ஒரு மாதத்தைச் சொல்வார், பேச்சு அங்கேயே வழுக்கிவிடும். மூன்று தேதிகளை மறுக்க முடியாது, அவற்றில் குத்தலும் இல்லை. தொடங்குவதற்கு இப்படி ஒரு வாக்கியம் போதும்: "அண்ணா, மூணு மாசமா லிஸ்ட் 8, 9, 10-ன்னு வந்துட்டு இருக்கு. எனக்கு 5-ஆம் தேதி வேணும். உங்க பக்கம் எங்க மாட்டிக்குது?" இங்கே "எனக்கு வேணும்" என்று நேராகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். செய்தியில் ஒளித்து எழுதியதை இங்கே வெளிப்படையாகச் சொல்வதுதான் இந்தப் பேச்சின் வேலை.

பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, 5-ஆம் தேதியை அவர் நம்பவே இல்லை. 10-ஆம் தேதி கொடுத்தும் வேலை நடந்துவிட்டதால், 5 என்பது பயமுறுத்தச் சொன்ன தேதி என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, மூன்று மாதமாக அவருக்கு அப்படித்தான் காட்டப்பட்டிருக்கிறது. இதற்கு மருந்து, 7-ஆம் தேதி என்ற எல்லையைச் சொல்லி அதைக் காப்பாற்றுவது. இன்னொன்று, வேலை மாதக் கடைசியில் குவிகிறது. மாதம் முழுக்க வந்த மூட்டைகளை ஓரமாகப் போட்டுவைத்து, 1-ஆம் தேதிக்கு மேல்தான் பிரிக்கிறார்கள். இதற்கு எந்தச் செய்தியும் உதவாது. மூட்டை வந்த அன்றே பில் நம்பரையும் பீஸ் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் ஏற்றி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒரு வாரச் சரக்குதான்.

அந்த நோட்டில் பத்திகள் எப்படிப் போடுவது என்று அங்கேயே உட்கார்ந்து இருவரும் சேர்ந்து முதல் பக்கத்தைக் கோடு போட்டுவிட்டு வருவது நல்லது: வந்த தேதி, பார்ட்டி, பில் நம்பர், பீஸ், டேமேஜா மாற்றலா. பில் நம்பர் இல்லாமல் வரும் மூட்டைகளுக்குக் கடைசியில் ஒரு காலிப் பத்தி விட்டுவைக்க வேண்டும். ஆந்திரா சரக்கு ஏன் எப்போதும் பின்தங்குகிறது என்று கேட்டால், அநேகமாக அந்த மூட்டைகளில் பில் நகல் வருவதே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.